லோடு குறைவாக இருந்தும் இன்வெர்ட்டரில் ஓவர்லோடு அலாரம்: காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் இன்வெர்ட்டர் 850 வி.ஏ., பேட்டரி 150 ஆம்பியர் அவர், வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மின்விசிறி, நான்கு எல்.இ.டி. பல்பு, ஒரு டி.வி., ஒரு ரவுட்டர் மட்டும்தான் ஓடுகின்றன. கூட்டிப் பார்த்தால் 330 வாட்தான் வருகிறது. ஆனாலும் ஓவர்லோடு அலாரம் அடிக்கிறது. சில நாள் மின்தடை வந்த உடனே, சில நாள் கால் மணி நேரம் கழித்து. இன்வெர்ட்டரை மாற்றிவிட வேண்டுமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னவற்றுள் மிகவும் பயனுள்ள தகவல் கடைசியில் வந்திருக்கிறது. அலாரம் ஒரு நாள் உடனே அடிக்கிறது, இன்னொரு நாள் கால் மணி நேரம் கழித்து அடிக்கிறது என்றால், அவை இரண்டு வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். அல்லது ஒரே பலவீனம் இரண்டு சந்தர்ப்பங்களில் வெளிப்படுவதாகவும் இருக்கலாம். எப்படியானாலும், அலாரம் அடிக்கும் நேரமே எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அடிப்பது உண்மையிலேயே ஓவர்லோடு அலாரம்தானா? பேட்டரி இறங்கும்போதும் இன்வெர்ட்டர் ஒலி எழுப்பும். இரண்டுக்கும் ஒலி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பேட்டரி இறங்கியதற்கான எச்சரிக்கை பெரும்பாலும் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே விட்டுவிட்டு ஒலித்து, சிறிது நேரம் கழித்துத்தான் மின்சாரத்தை நிறுத்தும். ஓவர்லோடு என்றால் சில விநாடிகள் ஒலித்த உடனே வெளியீடு நின்றுவிடும். பல இன்வெர்ட்டர்கள் தாமாகவே சில முறை மீண்டும் இயங்கப் பார்த்துவிட்டு, முன்புறச் சுவிட்சை அணைத்துப் போடும் வரை முழுமையாக ஓய்ந்துவிடும். முன்புறத்தில் எந்தச் சிறு விளக்கு எரிகிறது, அல்லது திரையில் என்ன எழுத்து வருகிறது என்பதை அலாரம் அடிக்கும் நொடியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஓவர்லோடு விளக்குதான் என்று கொண்டு மேலே தொடர்கிறேன்.

இப்படிப்பட்ட கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, வாட் வேறு, வி.ஏ. வேறு, இரண்டுக்கும் இடையிலான விகிதமான பவர் ஃபேக்டரைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதாகும். அது சரியான கருத்துதான். உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மூன்று மின்விசிறிகள் தலா 75 வாட் என்றால் 225 வாட். அவற்றின் பவர் ஃபேக்டர் 0.9 அளவில் இருப்பதால் 250 வி.ஏ. ஆகும். நான்கு 9 வாட் பல்புகள் 36 வாட், மலிவான எல்.இ.டி. பல்புகளில் பவர் ஃபேக்டர் 0.5 வரை இறங்கும் என்பதால் அவற்றை 72 வி.ஏ. என்று கொள்ளலாம். டி.வி. 60 வாட் என்றால் 100 வி.ஏ., ரவுட்டர் 10 வாட் என்றால் 20 வி.ஏ. எல்லாம் சேர்த்தால் 331 வாட், ஏறத்தாழ 440 வி.ஏ. அதாவது 850 வி.ஏ. இன்வெர்ட்டரின் பாதித் திறனைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே பவர் ஃபேக்டர் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த அலாரத்துக்கு விளக்கம் சொல்லிவிட முடியாது. உங்கள் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுக்கிறது, அல்லது இன்வெர்ட்டர் சிறிய லோடைப் பெரிய லோடாக உணர்கிறது. இந்த இரண்டில் எது என்பதைப் பிரித்தறிவதே முதல் வேலை.

இன்வெர்ட்டர் எப்படி உணர்கிறது என்பது தெரிந்தால் இது எளிதாகும். வீட்டில் எத்தனை வாட் ஓடுகிறது என்று அது கூட்டிப் பார்ப்பதில்லை. பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றுவதற்காக உள்ளே மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணுச் சுவிட்சுகள் இருக்கின்றன. அவை எரிந்துவிடாமல் காப்பதுதான் ஓவர்லோடு பாதுகாப்பின் நோக்கம். ஆகவே பல வடிவமைப்புகள் மாஸ்ஃபெட்டுகளில் ஓடும் கரண்டையே கவனிக்கின்றன. அதற்காகச் சில இன்வெர்ட்டர்களில் தனியாக ஒரு சிறு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள்; சிலவற்றில் மாஸ்ஃபெட்டின் இரு முனைகளுக்கிடையே எவ்வளவு மின்னழுத்தம் விழுகிறது என்பதை வைத்தே கரண்டைக் கணித்துக்கொள்வார்கள். வேறு சிலவற்றில் வெளியீட்டு மின்னழுத்தம் திடீரெனச் சரிந்தாலும் அதை ஓவர்லோடு என்றே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கும். ஆக, அலாரம் என்பது வீட்டு லோடைப் பற்றிய நேரடிச் செய்தி அன்று. பேட்டரி, வயர், மாஸ்ஃபெட், லோடு ஆகிய நான்கும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு நிலையைப் பற்றிய செய்தி.

இதிலிருந்தே மிகத் தெளிவான சோதனை ஒன்று கிடைக்கிறது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குச் செல்லும் தடித்த வயரில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று அளந்தால், வழக்கில் பாதி தீர்ந்துவிடும். இதற்கு நேர்மின்சாரத்தையும் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் தேவை. எலக்ட்ரீஷியன்கள் பலரும் வைத்திருக்கும் சாதாரணக் கிளாம்ப் மீட்டர் மாறுமின்சாரத்தை மட்டுமே அளக்கும். அதைப் பேட்டரி வயரில் மாட்டினால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை என்பதால், மீட்டரைக் கேட்கும்போதே அதில் நேர்மின்சாரக் கரண்ட் அளவீடு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆம்பியரை எதிர்பார்க்க வேண்டும்? வீட்டில் 331 வாட் ஓடுகிறது. இன்வெர்ட்டரில் வீணாகும் பங்கையும் சேர்த்து அதன் செயல்திறனை 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பேட்டரி சுமார் 414 வாட் கொடுக்க வேண்டும். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 35 ஆம்பியர். இதே கணக்கின்படி இன்வெர்ட்டரின் முழுத் திறனான 680 வாட்டுக்கு, அதாவது 850 வி.ஏ.யை 0.8 ஆல் பெருக்கி வரும் அளவுக்கு, 70 ஆம்பியர் அளவில் ஓடும். ஆகவே மீட்டரில் 32 முதல் 40 ஆம்பியர் வரை காட்டிக்கொண்டிருக்கும்போதே அலாரம் அடித்தால், லோடு மீது குற்றமில்லை; இன்வெர்ட்டரோ பேட்டரி இணைப்போதான் காரணம். மாறாக 60, 80 என்று காட்டினாலோ, அலாரத்துக்குச் சற்று முன்பு முள் பாய்வதுபோல் எண் உயர்ந்தாலோ, உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று ஓடுகிறது.

அத்தகைய மீட்டர் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. இன்வெர்ட்டரின் வெளியீட்டு வயரை எலக்ட்ரீஷியனைக் கொண்டு முழுமையாகப் பிரித்துவிட்டு, வெறும் இன்வெர்ட்டரைப் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். எதுவுமே இணைக்காத நிலையிலும் ஓவர்லோடு அடித்தால், வீட்டு வயரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கோளாறு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அடிக்கவில்லை என்றால், ஒரு நீட்டிப்புப் பலகை வழியாக இரண்டு மேசை மின்விசிறிகளையோ, 100 வாட் குண்டு பல்புகளையோ நேராக இன்வெர்ட்டரில் இணைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். பழைய குண்டு பல்பு இதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அதில் எழுதியிருக்கும் வாட்தான் அது இழுக்கும் வாட். பவர் ஃபேக்டர் பற்றிய சந்தேகம் எழாது. இப்படி 300 வாட் வரை நேரடியாகக் கொடுத்தும் அமைதியாக ஓடினால், இன்வெர்ட்டரும் பேட்டரியும் நல்ல நிலையில் உள்ளன. தேட வேண்டிய இடம் வீட்டு வயரிங்தான்.

இனி, மின்தடை வந்த உடனே அடிக்கும் அலாரத்தை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது பட்டியலில் எழுத மறந்த ஒரு சாதனம், அதிலும் குறிப்பாக மோட்டார் உள்ள சாதனம். இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்தபோது அந்த வழித்தடத்தில் எவையெல்லாம் இருந்தன என்பது ஒன்று. அதன் பிறகு அந்தப் பிளக்குகளில் வீட்டார் எவற்றையெல்லாம் மாட்டினார்கள் என்பது வேறொன்று. ஃபிரிட்ஜ், தண்ணீர் சுத்திகரிப்பான், துணி தேய்க்கும் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில் ஆகியவை அத்தகைய பிளக்கில் இருந்தால் கணக்கு முழுவதுமாக மாறிவிடும்.

ஃபிரிட்ஜைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது ஏமாற்றும் விதம் தனி. ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜ் 150 வாட்தான் எடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் சாதாரணக் கம்ப்ரஸர் தொடங்கும் கணத்தில் அது ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான கரண்டை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு இழுக்கும். ஓடும்போது ஒரு ஆம்பியர் என்றால் தொடங்கும்போது ஐந்து முதல் ஏழு ஆம்பியர் வரை. 230 வோல்ட்டில் அது 1,150 வி.ஏ. முதல் 1,600 வி.ஏ. வரை ஆகிறது. ஏற்கெனவே 440 வி.ஏ. ஓடிக்கொண்டிருக்கும் 850 வி.ஏ. இன்வெர்ட்டரால் இதைச் சில வேளை தாங்கிவிட முடியும், சில வேளை முடியாது. மின்தடை வரும்போது கம்ப்ரஸர் ஓடாமல் இருந்தால் ஒன்றும் நிகழாது. பிறகு எப்போதாவது அது தொடங்கும்போது அலாரம் அடிக்கும். இதனால்தான் வீட்டார் காரணமே இல்லாமல் அடிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மின்தடை வந்த நேரத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மெயினிலிருந்து இன்வெர்ட்டருக்குக் கைமாற்றம் போதிய வேகத்தில் நிகழாமல் கம்ப்ரஸர் ஒரு கணம் நின்றுவிட்டால், குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் சமமாவதற்கு முன்பே அதை மீண்டும் சுழலச் சொல்கிறோம். அந்த அழுத்தத்தை எதிர்த்து அதனால் சுழல முடியாது. சுழல முடியாத மோட்டார் தொடக்கக் கரண்டையே தொடர்ந்து இழுத்துக்கொண்டிருக்கும், அதன் வெப்பப் பாதுகாப்புச் சுவிட்ச் சில விநாடிகளில் துண்டிக்கும் வரை. இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று நின்று, மீண்டும் இயங்கி, மீண்டும் நிற்பதும் இதே நேரத்தில்தான். அழுத்தம் சமமாகச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், இன்வெர்ட்டர் அடுத்தடுத்துச் செய்யும் முயற்சிகள் எல்லாம் தோற்கும். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இந்தத் தன்மை உங்கள் வீட்டில் தென்பட்டால், வேறு சோதனை எதுவும் செய்வதற்கு முன் ஃபிரிட்ஜை அந்தத் தடத்திலிருந்து நீக்கிப் பாருங்கள்.

இதே 'உடனே' வகையில் இன்னொரு காரணம் இருக்கிறது. அது அரிது, ஆனால் ஆபத்தானது. ஏதோ ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் இன்வெர்ட்டர் ஃபேஸும் நேரடி மெயின் ஃபேஸும் ஒன்றாக லூப் செய்யப்பட்டிருக்கலாம். புதிதாக ஒரு பிளக் வைத்தபோதோ, பழுதான சுவிட்சை மாற்றியபோதோ, அருகில் இருந்த ஃபேஸிலிருந்து ஒரு துண்டு வயரை இழுத்துக்கொடுத்திருப்பார்கள். மின்சாரம் இருக்கும்போது இன்வெர்ட்டரும் அதே மெயின் மின்சாரத்தைத்தான் கடத்துகிறது என்பதால் எந்த அறிகுறியும் தெரியாது. மின்தடை வந்ததும் இன்வெர்ட்டரின் மின்சாரம் அந்த இணைப்பு வழியாக வீடு முழுவதற்கும், மெயின் சுவிட்ச் போட்டிருந்தால் அதைத் தாண்டித் தெருக் கம்பிக்கும் பாயப் பார்க்கிறது. இத்தனை பெரிய லோடைக் கண்டதும் ஓவர்லோடு அடிக்காமல் வேறென்ன செய்யும்? தன்னுடைய வெளியீடே தன் உள்ளீட்டுக்குத் திரும்பி வருவதால் மின்சாரம் வந்துவிட்டதாக ஏமாந்து, ரிலே 'டக், டக்' என்று மாறிமாறி அடிப்பதும் உண்டு. அந்த ஒலியைக் கேட்டால் இந்தக் காரணத்தை முதலில் சந்தேகியுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. மெயின் சுவிட்சை முழுமையாக அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரை இயங்க விடுங்கள். ஒரு சிறிய மேசை விளக்கை எடுத்துக்கொண்டு, இன்வெர்ட்டரில் சேர்க்கப்படாத ஒவ்வொரு பிளக்கிலும் மாட்டிப் பாருங்கள். தண்ணீர் ஹீட்டர், ஏ.சி. போன்றவற்றின் பெரிய பிளக்குகளையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். உயிர் இருக்கக்கூடாத இடத்தில் உயிர் இருந்தால், இணைப்பு அகப்பட்டுவிட்டது. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது அலாரம் அடிக்காமல், போட்டிருக்கும்போது வரும் மின்தடையில் மட்டும் அடித்தால், மின்சாரம் வீட்டுக்கு வெளியே போகிறது என்றே பொருள். மின்தடை நேரத்தில் கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்கு அது உலை வைக்கும் என்பதால், சரிசெய்யும் வரை இன்வெர்ட்டரை இயக்கவே கூடாது.

அடுத்து, கால் மணி நேரம் கழித்து அடிக்கும் அலாரம். இங்கே லோடு மாறவில்லை. மாறியது பேட்டரியின் மின்னழுத்தமும் இன்வெர்ட்டரின் வெப்பமும்தான். உங்கள் பேட்டரிக்கு நான்கு வயது என்பதால் நான் பேட்டரிப் பக்கத்தையே முதலில் பார்ப்பேன். ஆனால் பேட்டரியைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு முன் அதன் டெர்மினல்களைப் பாருங்கள். புதிய பேட்டரி வாங்கி மாட்டியதும் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களில் சிலருக்கு, உண்மையில் சரியானது புதிதாக இறுக்கிய டெர்மினல்தான்.

இதற்குச் சாதாரண மல்டிமீட்டரே போதும். பேட்டரி முழுமையாக ஏறி, சார்ஜும் லோடும் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்ந்த பிறகு அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு மின்தடை வந்ததுபோல் மெயினை அணைத்து, வழக்கமான 330 வாட் லோடை ஓட விட்டு, ஐந்து நிமிடம் கழித்து இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். முதலில் மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈயத் தண்டுகள் மீதே, அதாவது வயரின் முனை மீது படாமல், வைத்து அளக்கவும். அடுத்து இன்வெர்ட்டருக்குள் வயர் நுழையும் இடத்தில் அளக்கவும். முதல் அளவு பேட்டரி எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வழியில் எவ்வளவு தொலைகிறது என்பதைச் சொல்லும்.

அளவுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்: ஓய்வில் 12.7, லோடுடன் ஈயத் தண்டில் 11.9, இன்வெர்ட்டர் முனையில் 11.1. கிளாம்ப் மீட்டரில் 36 ஆம்பியர். கரண்ட் எதிர்பார்த்த அளவே என்பதால் மறைவான லோடு எதுவும் இல்லை. பேட்டரி 11.9 என்பது சற்றுக் களைத்த பேட்டரிதான். ஆனால் கைவிட வேண்டிய நிலையில் இல்லை. உறுத்துவது இடையில் காணாமல் போன 0.8 வோல்ட். 36 ஆம்பியரில் 0.8 வோல்ட் தொலைகிறது என்றால், ஏறத்தாழ 29 வாட் வெப்பம் வயரிலும் இணைப்புகளிலும் உருவாகிக்கொண்டிருக்கிறது. எந்த இடம் என்பதை அறிய, லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை ஈயத் தண்டிலும் மறு முனையை அதே தண்டில் மாட்டியிருக்கும் வயரின் லக்கிலும், அதாவது வயர் முனையில் பொருத்திய உலோகத் துண்டிலும் வையுங்கள். நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. இங்கே எதிர்மின் டெர்மினலில் 0.55 வோல்ட் காட்டினால், வெண்ணிறமாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் அந்த இணைப்புதான் பிரச்சினையின் வேர்.

இந்த 0.55 வோல்ட் எப்படி ஓவர்லோடு ஆகிறது என்பதுதான் இதில் நுட்பமான பகுதி. 36 ஆம்பியரில் 0.55 வோல்ட் விழுகிறது என்றால், அந்த இணைப்பின் தடை சுமார் 15 மில்லியோம். ஏதோ ஒரு மோட்டார் தொடங்கி ஒரு கணம் 100 ஆம்பியர் தேவைப்பட்டால், அந்த ஒரே இணைப்பில் 1.5 வோல்ட் தொலைந்துவிடும். வழியில் உள்ள மற்ற இழப்புகளும் பேட்டரியின் சொந்தச் சரிவும் சேர, இன்வெர்ட்டருக்குக் கிடைப்பது 9 வோல்ட் அளவுக்கு இறங்கலாம். அந்த மின்னழுத்தத்தில் 230 வோல்ட்டை அதனால் எவ்வளவு முயன்றும் தாங்கிப் பிடிக்க முடியாது, வெளியீடு சரிகிறது. பேட்டரி இறங்கியது என்ற எச்சரிக்கை பொதுவாகச் சிறிது பொறுத்துப் பார்த்தே தீர்மானிக்கும். ஓவர்லோடு பாதுகாப்பு அவ்வளவு பொறுக்காது. ஆகவே உண்மையில் பேட்டரிப் பக்கத்துக் குறையாக இருந்தும் முந்திக்கொண்டு எரிவது ஓவர்லோடு விளக்கு. ஏற்கெனவே சொன்ன இரண்டு நேரங்களும் இங்கே ஒன்று சேர்வதைக் கவனியுங்கள்: கைமாற்றத்தின்போது உண்டாகும் இழுப்பிலும் இது சிக்கும், பேட்டரி சற்று இறங்கிய பிறகும் சிக்கும். உங்கள் வீட்டு அலாரத்துக்கு ஒரே காரணம்தான் என்றால், அது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

சுத்தம் செய்யும்போது ஒழுங்கு முக்கியம். இன்வெர்ட்டரின் முன்புறச் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், அதன் மெயின் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்மின் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். சார்ஜ் ஆன பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும் என்பதால் சாளரத்தைத் திறந்து வைத்து, தீப்பொறி எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரால் டெர்மினலைத் துடைக்கலாம்; ஒரு துளிகூடப் பேட்டரியின் மூடிகள் வழியே உள்ளே போகக்கூடாது. ஈயமும் லக்கும் பளபளக்கும் வரை தேய்த்து, நன்றாக உலர்த்தி, இறுக்கிய பிறகே மேலே வாஸ்லின் தடவ வேண்டும். தடவிவிட்டு இறுக்குவது தவறான வரிசை. லக்குக்குள் வயர் கருத்துப் போயிருந்தால் தேய்ப்பது பயன்படாது; வயரை வெட்டிப் புதிய லக் போட வேண்டும்.

ஈயத் தண்டிலேயே மின்னழுத்தம் வேகமாகச் சரிந்தால், உதாரணமாகக் கால் மணி நேரத்துக்குள் 11.3 அல்லது அதற்கும் கீழே போனால், பேட்டரியின் காலம் முடிகிறது. மூடி திறக்கக்கூடிய பேட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். முழுச் சார்ஜுக்குப் பிறகு ஐந்து அறைகள் 1.240, 1.250 என்று காட்டும்போது ஒன்று மட்டும் 1.150 என்று காட்டினால், அந்த ஓர் அறை மொத்தப் பேட்டரியையும் கீழே இழுக்கிறது. நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகே இந்த அளவை நம்பலாம். ஊற்றிய உடனே அளந்தால் எல்லா அறைகளும் பலவீனமாகத்தான் தெரியும்.

பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் 12 வோல்ட் குறையாமல் நிற்கிறது, கரண்டும் 35 ஆம்பியரைத் தாண்டவில்லை, ஆனால் கால் மணி நேரத்தில் ஓவர்லோடு அடிக்கிறது என்றால், மிஞ்சுவது வெப்பம். மாஸ்ஃபெட்டின் உள்தடை வெப்பத்தோடு உயரும். 25 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஆகிவிடுவது சாதாரணம். மாஸ்ஃபெட்டில் விழும் மின்னழுத்தத்தை வைத்துக் கரண்டைக் கணிக்கும் வடிவமைப்பாக இருந்தால், உண்மையில் ஓடும் 35 ஆம்பியர் அதன் கண்ணுக்கு 52 ஆம்பியராகத் தெரியும். அது மட்டும் அலாரத்துக்குப் போதாது. ஆனால் ஒரு பக்கத்தில் இணையாக வைத்த நான்கு மாஸ்ஃபெட்டுகளில் ஒன்று எப்போதோ பழுதாகித் தொடர்பு அறுந்து போயிருந்தால், மற்ற மூன்றும் அதன் பங்கையும் சுமக்கின்றன. 52 என்பது மேலும் மூன்றில் ஒரு பங்கு கூடி 70 அளவைத் தொடுகிறது. முழு லோடுக்கான எல்லையும் அதுவே என்று முன்பே பார்த்தோம். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானதும் அடித்து, அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் நன்றாக ஓடுவது இதன் அடையாளம்.

இதில் நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம்தான். இன்வெர்ட்டரின் விசிறி சுழல்கிறதா, காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா, பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விசிறியைச் சூடானால் மட்டும் இயக்கும் மாடல்களும் உண்டு என்பதால், தொடக்கத்தில் அது சுழலவில்லை என்பதை மட்டும் வைத்துப் பழுது என்று கொள்ள வேண்டாம். மாஸ்ஃபெட்டைச் சோதிப்பதும் மாற்றுவதும் பழுதுபார்ப்பவரின் வேலை. பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் அணைத்த பிறகும் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும் என்பதால் மூடியைத் திறக்க வேண்டாம்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போகும் நிலை வந்தால், ஓய்வில் எத்தனை வோல்ட், லோடில் இரு முனைகளிலும் எத்தனை வோல்ட், பேட்டரி வயரில் எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிடத்தில் அலாரம் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். சில இன்வெர்ட்டர்களின் பலகையில் ஓவர்லோடு எல்லையைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைச் சற்றே திருப்பிவிட்டால் அலாரம் நின்றுவிடும், வேலையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படிச் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மாஸ்ஃபெட் ஏற்கெனவே போயிருக்கும் பெட்டியில் எல்லையை உயர்த்தினால், அடுத்த முறை ஃபிரிட்ஜ் தொடங்கும்போது மற்ற மூன்றும் சேர்ந்தே எரியும்; அவற்றோடு அவற்றை இயக்கும் மின்சுற்றும் போகலாம்.